அழைப்பு முடிந்ததும் டேட்டா நின்றுவிடுகிறது: ஃபிளைட் மோடு போதுமா, நெட்வொர்க் ரீசெட் செய்ய வேண்டுமா?

கயல்_செங்கை · திங்கள், இரவு 9.10

செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்குத் தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறேன். தணிக்கை அலுவலகத்தில் வேலை. பாதி வேலை ரயிலிலேயே கைபேசியில் முடிந்துவிடும். மூன்று மாதமாக அதற்கு வழியில்லை.

யாராவது அழைத்துப் பேசி முடித்ததும் டேட்டா அப்படியே நின்றுவிடுகிறது. மேலே 4ஜி என்று காட்டுகிறது. சிக்னல் கோடுகளும் குறையவில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியின் பக்கத்தில் கடிகாரக் குறி மட்டும் நிற்கிறது. ஐந்து நிமிடம், சில நேரம் பத்து நிமிடம் அப்படியே கிடக்கும். ஃபிளைட் மோடு போட்டு எடுத்தால் உடனே ஓடுகிறது. ஒரு நாளில் ஐந்தாறு முறை இதைச் செய்கிறேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. காலையில் ரயில் செங்கல்பட்டை விட்டுக் கிளம்பி ஏரியை ஒட்டிப் போகும்போது பேச்சு பாதியில் அறுந்துவிடுகிறது.

கைபேசிக் கடையில் கேட்டேன். நெட்வொர்க் ரீசெட் செய்தால் நிரந்தரமாகத் தீர்ந்துவிடும் என்றார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அலுவலக வைஃபையின் கடவுச்சொல்லை அங்குள்ள கணினிப் பொறுப்பாளர்தான் தன் கையால் பதிவார், எங்களிடம் சொல்வதில்லை. போய்விட்டால் மீண்டும் அவரிடம் நிற்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசி, இரண்டு சிம். எதைச் செய்வது?

மணி_திருப்பூர் · திங்கள், இரவு 9.32

தயங்காமல் ரீசெட் செய்துவிடுங்கள், சகோதரி. ஃபிளைட் மோடு போட்டு எடுத்தால் கைபேசி பழைய டவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் டவரைப் பிடிக்கும். ரயிலில் போகும்போது டவர் மாறிக்கொண்டே இருப்பதால்தான் உங்களுக்கு இந்தத் தொல்லை. ரீசெட் என்பது அதே வேலையை ஆழமாகச் செய்வது. ஒருமுறை செய்துவிட்டால் பிறகு ஃபிளைட் மோடு பக்கமே போக வேண்டியிருக்காது. எனக்குப் போன ஆண்டு அப்படித்தான் சரியானது.

ஓய்வு_ஆசிரியர்_கரந்தை · திங்கள், இரவு 9.50

ஐயா, எனக்கும் இதே தொல்லைதான். மாடி அறையில் உட்கார்ந்தால் இணையம் ஊர்கிறது. பேத்தியின் காணொளி சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஃபிளைட் மோடு போட்டுப் பார்த்தேன், மாற்றம் இல்லை. ரீசெட் செய்தால் படங்கள் அழிந்துவிடுமா? என் மனைவியின் படங்கள் இந்தக் கைபேசியில்தான் இருக்கின்றன. அதனால் எதையும் தொடப் பயமாக இருக்கிறது.

கோபுரத்தடி · திங்கள், இரவு 10.25

டவர்களின் சிக்னல் அளவெடுத்துச் சீர்செய்யும் வேலையில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் ஆசிரியர் ஐயாவுக்குச் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் ரீசெட் படங்களைத் தொடாது. தொடர்பு எண்கள், செய்திகள் எதையும் தொடாது. ஆனால் அமைப்புகளில் அதே பக்கத்திலேயே எல்லாத் தரவையும் அழிக்கும் வேறொரு தெரிவும் இருக்கும். `Erase all data` என்று அதில் எழுதியிருக்கும். அதில் விரல் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே, வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அந்தப் பக்கத்தைத் திறங்கள். மாடி அறையில் நீங்கள் சொல்வது வீட்டு வைஃபை என்று தெரிகிறது. கயல் கேட்பது சிம் வழியாக வரும் டேட்டாவைப் பற்றி. உங்களுக்கு ரூட்டர் இருக்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மணி, நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஃபிளைட் மோடு போட்டால் கைபேசி டவரிடம் விடைபெற்றுக்கொண்டு வெளியேறுகிறது. எடுத்தால் முதலிலிருந்து தேடிப் பதிவு செய்கிறது. ஆனால் பக்கத்து டவரைத் தேடிப் பிடிப்பதில்லை. சிக்னல் எங்கிருந்து வலுவாகக் கிடைக்கிறதோ அங்கே போகும். நின்ற இடத்திலேயே செய்தால் பெரும்பாலும் விட்ட டவரையே திரும்பப் பிடிக்கும். அப்படியும் டேட்டா ஓடத் தொடங்குகிறது அல்லவா? அப்படியானால் நோய் டவரில் இல்லை, கைபேசிக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவில் இருந்த இணைப்பில்தான்.

அந்த இணைப்பை ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி தன் ஏட்டில் இணைப்பு திறந்திருப்பதாக எழுதி வைத்திருக்கிறது. நெட்வொர்க் தன் ஏட்டில் அதை எப்போதோ மூடிவிட்டது. இரண்டு ஏடும் ஒத்துப்போகாததால், மேலே 4ஜி என்று காட்டியபடியே ஒரு சொட்டு டேட்டாகூட நகர்வதில்லை. ஃபிளைட் மோடு இரண்டு ஏட்டையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதவைக்கிறது. புதிய இணைய முகவரி கிடைக்கிறது, அழைப்புக்கான பதிவும் புதிதாக நடக்கிறது. ஆனால் நீங்கள் சேமித்து வைத்த எதுவும் மாறுவதில்லை.

ரீசெட் செய்யும் வேலை முற்றிலும் வேறு. அது சேமித்து வைத்தவற்றை அழிக்கிறது. வைஃபை பெயர்களும் கடவுச்சொற்களும், புளூடூத் இணைப்புகள், சிம் டேட்டாவுக்கு இணைய வாசலைக் காட்டும் ஏபிஎன்னில் நீங்கள் கையால் செய்த மாற்றம், கையால் தேர்ந்தெடுத்த நிறுவனம், 4ஜி மட்டும் போதும் என்று பூட்டி வைத்த தெரிவு என எல்லாம் தொடக்க நிலைக்குப் போகும். எனவே ஃபிளைட் மோடு போட்டதும் டேட்டா ஓடுகிறது என்றால், உங்கள் ஏபிஎன் சரியாக இருக்கிறது என்றுதான் பொருள். தவறான ஏபிஎன் ஃபிளைட் மோடுக்குப் பயந்து திருந்தாது.

கயல், மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். அழைப்பு எந்த சிம்மில் வருகிறது, டேட்டா எந்த சிம்மில் ஓடுகிறது? பேசிக்கொண்டிருக்கும்போது மேலே இருக்கும் குறி என்னவாக மாறுகிறது? வீட்டில் அசையாமல் உட்கார்ந்து பேசினாலும் இது நடக்கிறதா?

பாஷா_திண்டுக்கல் · திங்கள், இரவு 11.05

இருபது ஆண்டுகளாகக் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கோபுரத்தடி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கடையில் நான் பார்ப்பது வேறு. வருகிறவர்களின் கைபேசியில் யார் யாரோ கைவைத்திருப்பார்கள். வேகம் கூடும் என்று ஒரு காணொளியைப் பார்த்து ஏபிஎன்னை மாற்றியிருப்பார்கள். மகன் ஏதோ ஒரு தெரிவைப் பூட்டி வைத்திருப்பான். எது எங்கே மாறியது என்று அவர்களுக்கே தெரியாது. ஒவ்வொன்றாகத் தேட எனக்கு நேரமும் இல்லை. ரீசெட் இரண்டு நிமிட வேலை, பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. அதனால் அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஃபிளைட் மோடு பற்றி ஒன்று. போட்ட அடுத்த நொடியே எடுத்துவிடுகிறார்கள், பிறகு பலனில்லை என்கிறார்கள். சிக்னல் கோடுகள் மறைந்து விமானக் குறி வரும்வரை பாருங்கள், அதற்குப் பிறகு பத்து எண்ணுங்கள், அப்புறம் எடுங்கள்.

கயல்_செங்கை · செவ்வாய், காலை 8.20

ரயிலிலிருந்து எழுதுகிறேன். எல்லா அழைப்புகளும் முதல் சிம்மில் வருகின்றன. அது பதினைந்து ஆண்டுப் பழைய எண். டேட்டா இரண்டாவது சிம்மில் ஓடுகிறது. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள்.

நேற்று இரவு வீட்டில் அசையாமல் உட்கார்ந்து கணவரை என் எண்ணுக்கு அழைக்கச் சொன்னேன். பேசத் தொடங்கியதும் முதல் சிம்மின் 4ஜி குறி போய் `E` என்று வந்தது. இரண்டாவது சிம்மின் குறி மங்கிவிட்டது. வைத்த பிறகு முதல் சிம்மில் 4ஜி திரும்ப அரை நிமிடம் ஆனது. இரண்டாவது சிம்மில் 4ஜி என்று உடனே வந்தது, ஆனால் டேட்டா ஓடவில்லை. ஆறு நிமிடம் காத்திருந்தேன், பிறகு ஃபிளைட் மோடு. இத்தனை நாளும் ரயில் ஓட்டத்தால் வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டிலும் நடக்கிறது.

கோபுரத்தடி · செவ்வாய், காலை 9.15

அந்த `E` குறிதான் துப்பு. பேசும்போது உங்கள் முதல் சிம் 4ஜியிலிருந்து இறங்கி 2ஜிக்குப் போகிறது. 4ஜி வழியாகவே பேசுவதற்கு `VoLTE` நடப்பில் இருக்க வேண்டும். முதல் சிம்மில் அது இல்லை. ஒருவேளை அந்த நிறுவனம் 2ஜி நடத்தாமல் இருந்திருந்தால் உங்களுக்கு அழைப்பே வந்திருக்காது. மூன்று மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்திருப்பீர்கள். 2ஜி இருப்பதால் அழைப்பு எப்படியோ வந்துவிடுகிறது, பழி மட்டும் டேட்டாவின் மேல் விழுகிறது.

இரண்டு சிம் போட்டாலும் பெரும்பாலான கைபேசிகளில் வேலை செய்யும் வானொலிப் பகுதி ஒன்றுதான். இரண்டு சிம்களும் அதை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. முதல் சிம்மில் பேசும்போது அது முழுவதும் அங்கே போய்விடுகிறது. இரண்டாவது சிம் அத்தனை நேரமும் நெட்வொர்க்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறது. பேசி முடித்த பிறகும் 2ஜியிலிருந்து 4ஜிக்கு ஏறும் அந்த அரை நிமிடம் இழுபறி தொடர்கிறது. இதற்குள் இரண்டாவது சிம்மின் நெட்வொர்க் உங்கள் இணைப்பை மூடியிருக்கும் என்பது என் கணிப்பு. நேற்று சொன்ன ஒத்துப்போகாத இரண்டு ஏடு இங்கேதான் உருவாகிறது.

இப்போது செய்ய வேண்டியது. அமைப்புகளில் சிம் பகுதிக்குப் போய், முதல் சிம்மைத் தொட்டு, `VoLTE` என்ற தெரிவு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில கைபேசிகளில் அதற்கு `4G Calling` என்று பெயர். இரண்டு சிம்முக்கும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவதைப் பார்த்துவிட்டு முதலாவதும் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அதைப் போட்டபின் ஒருமுறை ஃபிளைட் மோடு போட்டு எடுங்கள், பதிவு புதிதாக நடக்கட்டும்.

சரியாகப் பதிவானதா என்று பார்க்க, அழைக்கும் திரையில் இதை அடியுங்கள்:

```
*#*#4636#*#*
```

திறக்கும் பட்டியலில் கைபேசித் தகவல் பகுதிக்குள் போய், மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் `IMS Service Status` என்று இருக்கும். முதல் சிம்முக்கு அதில் `Registered` என்று வர வேண்டும். அந்தப் பக்கத்தில் வேறு எதையும் மாற்ற வேண்டாம். சில நிறுவனங்களின் கைபேசிகளில் இந்த எண் திறக்காது. அப்போது பேசும்போது 4ஜி குறி நிற்கிறதா என்று பார்த்தாலே போதும்.

மணி_திருப்பூர் · செவ்வாய், காலை 9.40

அண்ணா, அப்படியென்றால் போன ஆண்டு எனக்கு ரீசெட்டில் சரியானது எப்படி? அதற்கு முன் நூறு முறை ஃபிளைட் மோடு போட்டுப் பார்த்தேன், எதுவும் நடக்கவில்லை.

கோபுரத்தடி · செவ்வாய், காலை 10.02

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது, தம்பி. நூறு முறை போட்டும் ஓடவில்லை என்றால், சேமித்து வைத்த ஏதோ ஒன்று தவறாக இருந்திருக்கிறது. அதை ரீசெட் அழித்தது. கயலுக்கு ஒவ்வொரு முறையும் ஃபிளைட் மோடில் ஓடுகிறது. இருவரும் டேட்டா நிற்கிறது என்றுதான் சொல்கிறீர்கள், ஆனால் நோய் வேறு. அதனால்தான் ஃபிளைட் மோடை நான் மருந்தாக மட்டும் பார்ப்பதில்லை, நாடி பிடிப்பதாகவும் பார்க்கிறேன்.

ஆண்ட்ராய்டு தானாகவே இதில் கொஞ்சம் செய்யப் பார்க்கும் என்பதையும் சொல்ல வேண்டும். டேட்டா வெளியே போகிறது, ஒன்றும் திரும்பி வரவில்லை என்று கண்டால், முதலில் இணைப்பை மூடித் திறக்கும், பலிக்காவிட்டால் வானொலிப் பகுதியையே அணைத்து எழுப்பும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் காத்திருப்பதால் சில நிமிடங்கள் ஆகிவிடும். கயல் சொல்லும் ஐந்து, பத்து நிமிடத்தில் தானாகச் சரியாவது அதனால் இருக்கலாம்.

நிலா_அண்ணாநகர் · செவ்வாய், பகல் 1.15

என் நிலைமையையும் சொல்லட்டுமா? ஐபோன். இரண்டு மாதம் முன்பு சிங்கப்பூர் போய் வந்தேன். அங்கே பயன்படுத்த ஒரு பயண இ-சிம் வாங்கி, அவர்கள் அனுப்பிய இணைப்பைத் தொட்டு ஏதோ நிறுவினேன். ஊர் திரும்பி இ-சிம்மை நீக்கிய பிறகு, இங்குள்ள சிம்மில் அழைப்பு வருகிறது, டேட்டா அறவே வரவில்லை. ஃபிளைட் மோடு பலிக்கவில்லை. கோபுரத்தடி சொல்லும் கணக்குப்படி எனக்கு ரீசெட்தான் மருந்து. செய்தேன். வீடு, அலுவலகம், அம்மா வீடு என்று எல்லா வைஃபையும் போயிற்று. கைபேசிக்கு நான் வைத்திருந்த பெயர்கூடப் போய் வெறும் `iPhone` என்று ஆகிவிட்டது. டேட்டா மட்டும் வரவில்லை!

கோபுரத்தடி · செவ்வாய், பகல் 1.48

நீங்கள் நிறுவியது ஒரு அமைப்புக் கோப்பாக இருக்கும். அந்த நிறுவனத்தின் ஏபிஎன் அதற்குள் இருக்கும். அப்படிக் கோப்பு வழியாக வந்தவற்றை ஐபோனின் நெட்வொர்க் ரீசெட் அழிக்காது. அலுவலகங்கள் ஊழியர்களின் கைபேசியில் வைக்கும் அமைப்புகள் தவறிப்போய் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். `Settings`, `General`, `VPN & Device Management` என்று போய்ப் பாருங்கள். அங்கே பயண நிறுவனத்தின் பெயரில் ஒன்று இருந்தால் அதை நீக்கிவிட்டுக் கைபேசியை அணைத்துப் போடுங்கள்.

நிலா_அண்ணாநகர் · செவ்வாய், பகல் 2.20

இருந்தது! நீக்கிவிட்டேன். இதை டேட்டாவில்தான் எழுதுகிறேன். இரண்டு மாதமாக வெளியே போகும்போதெல்லாம் மற்றவர்களின் ஹாட்ஸ்பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி.

பாஷா_திண்டுக்கல் · செவ்வாய், மாலை 6.30

நிலாவின் கைபேசி என் கடைக்கு வந்திருந்தால் நானும் ரீசெட் செய்துவிட்டுக் கையைப் பிசைந்திருப்பேன். இன்று கற்றுக்கொண்டேன்.

இ-சிம் பற்றிப் பேச்சு வந்ததால் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. ஆண்ட்ராய்டில் ரீசெட் செய்யும் பக்கத்தில், இ-சிம்மையும் அழிக்கவா என்று ஒரு சிறு கட்டம் சில கைபேசிகளில் இருக்கும். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் வீட்டிலேயே செய்தவர், எல்லாம் அழிந்தால்தான் நல்லது என்று நினைத்து அதையும் குறியிட்டுவிட்டார். எண்ணே போய்விட்டது. புதிய இ-சிம் வாங்க அடையாள அட்டையோடு அலைந்தார். நடுவில் வங்கியின் ஓடிபி எதுவும் வரவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அன்றுதான் கடைசி நாள். அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள்.

ஓய்வு_ஆசிரியர்_கரந்தை · செவ்வாய், மாலை 7.10

ஃபிளைட் மோடு போட்டிருக்கும் நேரத்தில் ஓடிபியோ செய்தியோ வந்தால் அது தொலைந்துவிடுமா? ஓய்வூதியம் வரும் நாள்களில் இந்தக் கவலை எனக்கு உண்டு.

கோபுரத்தடி · செவ்வாய், இரவு 8.00

தொலையாது, ஐயா. குறுஞ்செய்தியை நெட்வொர்க் வைத்திருந்து, கைபேசி திரும்பப் பதிவானதும் கொடுக்கும். பத்து இருபது நொடிக்கு ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தில் வரும் அழைப்புதான் உங்களை எட்டாது. பணம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது, சக்கரம் சுற்றும் நேரத்தில் மட்டும் ஃபிளைட் மோடு போடாதீர்கள். இணைய முகவரி மாறுவதால் வங்கிச் செயலி வெளியேற்றிவிடலாம், பணம் போனதா இல்லையா என்ற குழப்பமும் வரும்.

கயல்_செங்கை · செவ்வாய், இரவு 9.45

பார்த்துவிட்டேன். முதல் சிம்மில் `VoLTE` அணைந்திருந்தது. இரண்டாவதில் போட்டிருந்தது. அந்த எண்ணை அடித்துப் பார்த்ததில் முதல் சிம்முக்கு `Not Registered` என்று வந்தது. தெரிவைப் போட்டு, ஃபிளைட் மோடு போட்டு, இருபது எண்ணி எடுத்தேன். இப்போது `Registered` என்கிறது.

எப்படி அணைந்தது என்று யோசித்தேன். மூன்று மாதம் முன்பு அந்த சிம்மைச் சில நாள் பழைய கைபேசியில் போட்டுவிட்டுத் திரும்ப இதில் போட்டேன். அதன்பிறகுதான் தொடங்கியிருக்கிறது. ஒரு வாரம் குறித்து வைத்துச் சொல்கிறேன்.

பாஷா_திண்டுக்கல் · செவ்வாய், இரவு 10.10

ஒன்று கேட்கிறேன், கோபுரத்தடி. தவறாக எண்ண வேண்டாம். ரீசெட் செய்திருந்தால் அந்த `VoLTE` தெரிவும் தொடக்க நிலைக்கு வந்திருக்குமே? பல கைபேசிகளில் தொடக்க நிலையே போட்டிருப்பதுதான். ஆக, கடைக்காரர் சொன்னதைக் கேட்டிருந்தாலும் இந்த அம்மாவுக்குச் சரியாகியிருக்கும்.

கோபுரத்தடி · செவ்வாய், இரவு 10.40

சரியாகியிருக்கலாம், பாய். எல்லாக் கைபேசியிலும் அந்தத் தெரிவு மீளும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு உண்டு. என் மறுப்பு வேறு. அலுவலக வைஃபை போயிருக்கும். கைக்கடிகாரம், காதொலிக் கருவி எல்லாவற்றையும் மறுபடி இணைத்திருக்க வேண்டும். அதற்கு மேல், எதனால் சரியானது என்று தெரியாமலே போயிருக்கும். அடுத்த முறை சிம்மை மாற்றிப் போட்டு அந்தத் தெரிவு மீண்டும் அணைந்தால், மீண்டும் ரீசெட். காரணம் தெரிந்தவருக்கு அது ஒரு விரல் தொடும் வேலை.

பாஷா_திண்டுக்கல் · செவ்வாய், இரவு 10.58

கையில் நேரம் இருப்பவருக்கு உங்கள் வழி. கடையில் பத்துப் பேர் காத்து நிற்கும்போது எனக்கு என் வழிதான். ஆனால் இனி ரீசெட்டுக்கு முன் இரண்டு சிம்மிலும் `VoLTE` தெரிவைப் பார்த்துவிடுகிறேன். அதற்கு அரை நிமிடம் போதும்.

மணி_திருப்பூர் · புதன், காலை 7.55

5ஜியை அணைத்துவிட்டு 4ஜியில் மட்டும் வைத்தால் இதெல்லாம் வராது என்கிறார்களே, அது உண்மையா? என் நண்பர்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கோபுரத்தடி · புதன், காலை 9.05

5ஜி ஓரத்தில் இருக்கும் இடங்களில் கைபேசி 5ஜிக்கும் 4ஜிக்கும் நடுவில் ஊசலாடும். அங்கே அணைத்தால் நிம்மதி கிடைக்கும். நானே சில ஊர்களில் அணைத்துவிடுவேன். ஆனால் நெரிசலான இடத்தில், எல்லோரும் 4ஜியில் மோதும்போது, 5ஜி இருந்தால்தான் டேட்டா ஓடும். இடத்தைப் பொறுத்தது. ஒன்று மட்டும் கவனம்: நேற்று அடிக்கச் சொன்ன எண்ணின் வழியே போய் `LTE only` என்று பூட்டிவிடாதீர்கள். `VoLTE` பதிவாகாத நேரத்தில் அழைப்பு இறங்குவதற்குப் படியே இல்லாமல் போகும், உள்ளே வரும் அழைப்பு எதுவும் மணியடிக்காது.

கயல்_செங்கை · அடுத்த செவ்வாய், இரவு 9.20

ஒரு வாரக் கணக்கு. மொத்தம் முப்பத்தொரு அழைப்பு பேசியிருக்கிறேன். டேட்டா பிறகு நின்றது ஒரே ஒரு முறை. அது தாம்பரத்தில், ரயில் நின்றுகொண்டிருந்தபோது. `VoLTE` பதிவாகித்தான் இருந்தது, குறியும் 4ஜியில்தான் நின்றது. ஃபிளைட் மோடில் சரியானது. பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சிம்மின் டேட்டா இன்னமும் நிற்கிறது, வைத்த இரண்டு மூன்று நொடியில் திரும்பி வந்துவிடுகிறது.

ஏரிப் பக்கம் பேச்சு அறுவது மாறவில்லை. ஐந்து நாளில் நான்கு நாள் அறுந்தது.

கோபுரத்தடி · அடுத்த செவ்வாய், இரவு 9.55

பேசும்போது டேட்டா நிற்பது அந்த ஒற்றை வானொலிப் பகுதியால். சிம் அமைப்பில் `Data during calls` என்பது போன்ற தெரிவு இருந்தால், பேசும் நேரம் மட்டும் முதல் சிம்மின் டேட்டாவை எடுத்துக்கொள்ளும். அந்த சிம்மில் டேட்டா திட்டம் இருக்க வேண்டும்.

தாம்பரத்தில் நின்றதற்கு எனக்கு விளக்கம் இல்லை. நெரிசலாக இருக்கலாம், ஆனால் நெரிசல் என்றால் ஃபிளைட் மோடுக்குப் பிறகும் மந்தமாகவே இருந்திருக்கும். மீண்டும் நடந்தால் நேரத்தையும் இடத்தையும் எழுதுங்கள்.

ஏரி விஷயத்தில் ஃபிளைட் மோடும் உதவாது, ரீசெட்டும் உதவாது. ஒரே இடத்தில், ஓடும்போது, மீண்டும் மீண்டும் அறுகிறது. ஒரு டவர் அடுத்த டவரிடம் அழைப்பை ஒப்படைக்கும் இடத்தில் கோளாறு, அல்லது இரண்டுக்கும் நடுவில் சிக்னல் பள்ளம். அதே எண்ணை அடித்தால் வரும் பக்கத்தில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 85 நன்று. மைனஸ் 115க்குக் கீழே போனால் பேச்சு தாங்காது. ரயில் அங்கே போகும்போது பாருங்கள். அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் சக பயணிகளுக்கும் அறுகிறதா என்றும் கேளுங்கள்.

பாஷா_திண்டுக்கல் · அடுத்த செவ்வாய், இரவு 10.15

தாம்பரத்து விஷயத்துக்கு நான் இன்னமும் ஒரு ரீசெட் செய்து பார்க்கச் சொல்வேன். அதற்கு முன் அந்த இரண்டாவது சிம்மை நான்கு நாள் கணவரின் கைபேசியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நின்றால் உங்கள் கைபேசி குற்றவாளி இல்லை. சிம் தேய்ந்திருக்கலாம், மாற்றிக்கொள்ளலாம்.

கயல்_செங்கை · வியாழன், காலை 8.40

இன்று பார்த்தேன். செங்கல்பட்டு நிலையத்தில் மைனஸ் 88. ஏரியை ஒட்டிப் போகும்போது 104, 112, பிறகு 119 என்று இறங்கியது. அங்கேயே பேச்சு அறுந்தது. அடுத்த நிலையம் நெருங்கும்போது 93க்கு வந்துவிட்டது. பெண்கள் பெட்டியில் அதே நிறுவனத்தின் எண் வைத்திருக்கும் இருவரைக் கேட்டேன். இருவருக்கும் அங்கேதான் அறுகிறதாம். ஒருவர் அந்த இடம் வரும்போது தானே வைத்துவிட்டுத் தாண்டியதும் அழைக்கிறாராம்.

198க்கு அழைத்து இந்த எண்களையும் நேரத்தையும் சொல்லிப் புகார் பதிந்துவிட்டேன். புகார் எண் வந்திருக்கிறது. பேசியவர் முதலில் சொன்னது, நெட்வொர்க் ரீசெட் செய்து பாருங்கள் என்பதுதான். மைனஸ் 119 என்று படித்துக் காட்டியபிறகு எழுதிக்கொண்டார். ரீசெட் இதுவரை செய்யவில்லை. சிம்மைக் கணவரின் கைபேசியில் போடுவது ஞாயிற்றுக்கிழமை.

கோபுரத்தடி · வியாழன், காலை 9.10

அவர்கள் புகாரைத் தீர்த்துவிட்டதாகக் குறுஞ்செய்தி அனுப்பினால், ஏரியைத் தாண்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். தீரவில்லை என்றால் அதே புகார் எண்ணை வைத்து அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே அளவுகளைத் தேதி, நேரத்தோடு கொடுங்கள். எங்களைப் போன்றவர்களின் கைக்கு அந்தத் தாள் வந்தால், எங்கே போய் நின்று அளக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.